மூன்று ஜெனரேட்டர், ஒரே லாம்டா: சிக்கனச் சுமைப் பகிர்வு ஒரு முழுக் கணக்கில்

கேள்வி: மூன்று ஜெனரேட்டர் சேர்ந்து ஓடும்போது மொத்தச் செலவு குறைய வேண்டுமானால் எல்லாவற்றின் இன்க்ரிமென்டல் காஸ்ட்டும் சமமாக இருக்க வேண்டும் என்று பாடத்தில் வருகிறது. ஒரு மெகாவாட்டுக்கு எதில் செலவு குறைவோ அதைத்தானே முதலில் முழுதாக ஓட்ட வேண்டும்? ஏன் சமமாக்க வேண்டும்? நடுவில் ஒரு ஜெனரேட்டரின் உச்ச வரம்பு வந்துவிட்டால் என்ன செய்வது? எண்களோடு விளக்க முடியுமா?

பதில்:

சுமையைப் பிரிக்கும்போது முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலிருந்து அடுத்த ஒரு மெகாவாட்டை எந்த இயந்திரத்திலிருந்து எடுப்பது? அதற்கு அந்த இயந்திரம் இதுவரை எவ்வளவு செலவழித்தது என்பது உதவாது. இன்னும் ஒரு மெகாவாட் ஏற்றினால் மணிக்கு எவ்வளவு செலவு கூடும் என்பதுதான் உதவும். அதைத்தான் இன்க்ரிமென்டல் காஸ்ட் என்கிறோம். இங்கே கூடுதல் செலவு என்று சொல்கிறேன். ஒரு இயந்திரத்தின் கூடுதல் செலவு 40, இன்னொன்றினுடையது 28 என்றால், முதலாவதில் ஒரு மெகாவாட்டை இறக்கி இரண்டாவதில் ஏற்றினால் மணிக்கு ஏறக்குறைய 12 மிச்சம். இப்படி மாற்றிக்கொண்டே போகலாம். இறக்கும் இயந்திரத்தின் கூடுதல் செலவு குறையும், ஏற்றும் இயந்திரத்தினுடையது கூடும். இரண்டும் சமமாகும் இடத்தில் மாற்றுவதால் கிடைக்கும் லாபம் தீர்ந்துவிடும். சமமாக்க வேண்டும் என்ற விதி இந்த நிறுத்தப் புள்ளியைத்தான் சொல்கிறது.

இனி எண்கள். செலவு எந்த நாட்டுப் பணத்திலும் இருக்கலாம், அதனால் பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதுகிறேன். P என்பது மெகாவாட், C என்பது ஒரு மணி நேரத்துக்கான செலவு.

```
C1 = 600 + 20·P1 + 0.02·P1²     100 ≤ P1 ≤ 350
C2 = 400 + 23·P2 + 0.03·P2²      50 ≤ P2 ≤ 300
C3 = 300 + 17·P3 + 0.06·P3²      40 ≤ P3 ≤ 200
```

இந்த வளைவுகள் எங்கிருந்து வருகின்றன என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். இயந்திரத்தைப் பல சுமைகளில் ஓட்டி, ஒவ்வொன்றிலும் மணிக்கு எவ்வளவு வெப்பம் உள்ளே போகிறது என்று அளக்கிறார்கள். அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தும் இருபடிச் சமன்பாட்டை எடுத்து எரிபொருளின் விலையால் பெருக்கினால் செலவு வளைவு கிடைக்கிறது. முதல் எண் (600, 400, 300), இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதற்கே ஆகும் செலவு. மூன்றும் ஓடுகின்றன என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டால், சுமையை எப்படிப் பிரித்தாலும் அந்த 1300 மாறாது. அதனால் பகிர்வுக் கணக்கில் அதற்கு வேலை இல்லை.

செலவைச் சுமையால் வகையிட்டால் கூடுதல் செலவு வருகிறது:

```
IC1 = 20 + 0.04·P1
IC2 = 23 + 0.06·P2
IC3 = 17 + 0.12·P3
```

மூன்றாவது இயந்திரத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில் அதுதான் மலிவு: 17. ஆனால் ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் 0.12 வீதம் ஏறுகிறது, முதல் இயந்திரத்தைப் போல மூன்று மடங்கு வேகம். மலிவானதை முதலில் முழுதாக ஓட்டு என்ற யோசனை இங்கேதான் சறுக்குகிறது. எது மலிவு என்பது எவ்வளவு சுமையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது.

மொத்தத் தேவை 575 மெகாவாட் என்று வைத்துக்கொள்வோம். முதலில், எதையும் யோசிக்காமல் மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். ஆளுக்கு 191.67 மெகாவாட். அப்போது கூடுதல் செலவுகள் முறையே 27.67, 34.50, 40.00. மொத்தச் செலவு மணிக்கு 16,841. மூன்று எண்களும் விலகி நிற்பதே, இந்தப் பகிர்வில் இன்னும் மிச்சம் பிடிக்க இடமிருக்கிறது என்பதற்கு அடையாளம். மூன்றாவதிலிருந்து எடுத்து முதலாவதுக்குக் கொடுக்க வேண்டும் என்ற திசையும் அதிலேயே தெரிகிறது.

இப்போது மூன்றையும் ஒரே மதிப்புக்குச் சமமாக்குவோம். அந்தப் பொது மதிப்புதான் லாம்டா, λ. ஒவ்வொரு சமன்பாட்டையும் திருப்பி எழுதினால்:

```
P1 = (λ − 20)/0.04 = 25·λ     − 500
P2 = (λ − 23)/0.06 = 16.667·λ − 383.33
P3 = (λ − 17)/0.12 = 8.333·λ  − 141.67
--------------------------------------
மொத்தம்           = 50·λ     − 1025
```

மொத்தம் 575 ஆக வேண்டும். எனவே λ = (575 + 1025)/50 = 32. அதைத் திரும்பப் போட்டால் P1 = 300, P2 = 150, P3 = 125. கூட்டினால் 575. மூன்றுமே வரம்புக்குள் இருக்கின்றன.

```
C1 = 600 + 6000 + 1800  = 8400
C2 = 400 + 3450 + 675   = 4525
C3 = 300 + 2125 + 937.5 = 3362.5
மொத்தம்                 = 16287.5
```

சமமாகப் பிரித்ததைவிட மணிக்கு ஏறக்குறைய 553 குறைவு. இந்த வித்தியாசத்தை முழுக் கணக்கு போடாமலே சரிபார்க்க ஒரு வழி உண்டு. செலவு இருபடியாகவும், மொத்தம் மாறாமலும், சிறந்த புள்ளியில் வரம்புகள் எதுவும் குறுக்கிடாமலும் இருந்தால், அந்தப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு இயந்திரமும் எத்தனை மெகாவாட் விலகியிருக்கிறதோ அதன் வர்க்கத்தை அதனதன் இருபடிக் கெழுவால் பெருக்கிக் கூட்டினால் போதும். இங்கே விலகல்கள் −108.33, +41.67, +66.67. எனவே 0.02 × 11736 + 0.03 × 1736 + 0.06 × 4444 = 553.5. ஒருபடி உறுப்புகள் ஏன் காணாமல் போயின? மூன்று இயந்திரத்துக்கும் சாய்வு ஒரே 32. விலகல்களின் கூட்டுத்தொகை சுழியம். 32-ஐச் சுழியத்தால் பெருக்கினால் எதுவும் மிஞ்சாது. சமக் கூடுதல் செலவு என்ற நிபந்தனை ஏன் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான நிரூபணம் எனக்குத் தெரிந்து இல்லை. மிஞ்சும் வர்க்க உறுப்புகள் எல்லாமே நேர் எண்கள். ஆகவே எந்தப் பக்கம் விலகினாலும் செலவு கூடத்தான் செய்யும்.

இப்போது உங்கள் முதல் சந்தேகத்துக்கு வருகிறேன். இந்தச் சிறந்த புள்ளியில் சராசரிச் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் இயந்திரம் 8400/300 = 28. இரண்டாவது 30.17. மூன்றாவது 26.90. மூன்றும் வேறுவேறாக இருக்கின்றன, மூன்றாவதுதான் குறைவு. இதைப் பார்க்கிறவர் மூன்றாவதை இன்னும் ஏற்றலாமே என்று நினைப்பது இயல்பு. ஏற்றித்தான் பார்ப்போம்: இரண்டாவதில் 10 மெகாவாட் இறக்கி மூன்றாவதில் ஏற்றுவோம். இரண்டாவதின் செலவு 4525-லிருந்து 4208 ஆகிறது, 317 மிச்சம். மூன்றாவதின் செலவு 3362.5-லிருந்து 3688.5 ஆகிறது, 326 கூடுதல். மணிக்கு 9 நஷ்டம். சராசரி மலிவாக இருந்த இயந்திரத்துக்குச் சுமையை மாற்றியும் செலவு ஏறிவிட்டது. ஏனென்றால் சராசரியில் ஏற்கெனவே ஓடும் மெகாவாட்டுகளின் மலிவு கலந்திருக்கிறது. புதிதாக ஏற்றும் மெகாவாட்டுக்கு அந்த மலிவு கிடைப்பதில்லை.

அந்த 9 இன்னொன்றையும் சொல்கிறது. 10 மெகாவாட் தவறினாலும் 16,287-இல் 9 தான் நஷ்டம். சிறந்த புள்ளிக்குப் பக்கத்தில் செலவு வளைவு தட்டையாக இருக்கிறது. அதனால் லாம்டாவை ஐந்தாறு தசம இடம் வரை துரத்துவதில் பயன் இல்லை. தவறு வர்க்கமாகத்தான் வளர்கிறது: 20 மெகாவாட் தவறினால் 36, 40 தவறினால் 144.

லாம்டாவின் பொருள் 32 என்ற எண்ணிலேயே இருக்கிறது. தேவை 575-லிருந்து 576 ஆனால் மொத்தச் செலவு மணிக்கு 32.01 கூடும். எந்த இயந்திரம் அந்த ஒரு மெகாவாட்டை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய இதே 32 தான். தேவை கொஞ்சம் மாறும்போது ஒவ்வொரு முறையும் முழுக் கணக்கு போட வேண்டியதும் இல்லை. λ-வின் கெழுக்கள் 25, 16.667, 8.333; மொத்தம் 50. அதாவது கூடும் சுமையில் பாதி முதல் இயந்திரத்துக்கு, மூன்றில் ஒரு பங்கு இரண்டாவதுக்கு, ஆறில் ஒரு பங்கு மூன்றாவதுக்கு. தேவை 60 மெகாவாட் ஏறினால் 30, 20, 10 என்று பிரித்துக் கொடுத்தால் போதும்; லாம்டா 60/50 = 1.2 ஏறி 33.2 ஆகும். பார்ட்டிசிபேஷன் ஃபேக்டர் என்று சொல்வது இந்தப் பங்குகளைத்தான். ஒரு முழுப் பகிர்வுக் கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையில் சுமை ஏறி இறங்கும்போது இவற்றை வைத்தே சமாளிக்கிறார்கள். ஆனால் வழியில் ஏதாவது ஒரு இயந்திரம் வரம்பைத் தொட்டால் பங்குகள் உடனே மாறிவிடும்.

கணக்குப் போடுகிறவர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழையையும் இங்கேயே காட்டிவிடுகிறேன், ஏனென்றால் அது தன்னைக் காட்டிக்கொள்ளாது. வகையிடும்போது வரும் 2-ஐ மறந்து, IC1 = 20 + 0.02·P1 என்ற மாதிரி மூன்றையும் எழுதிவிட்டால் λ = 26.25 வரும். P1 = 312.5, P2 = 108.33, P3 = 154.17. கூட்டிப் பார்த்தால் சரியாக 575! கூட்டுத்தொகை பொருந்துவதால் விடை சரி என்று நம்பிவிடுவோம். ஆனால் கூட்டுத்தொகையைப் பொருந்த வைத்ததே நாம்தான், அது எந்தப் பிழையையும் பிடிக்காது. கிடைத்த மெகாவாட்டுகளை உண்மையான செலவு வளைவில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மெகாவாட் கூட்டினால் செலவு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே ஏறக்குறைய 32.5, 29.5, 35.5 என்று வரும். சமமாக இல்லை, எனவே விடை தவறு. நஷ்டம் மணிக்கு 106.25. வகையிட்ட சூத்திரத்தைக் கொண்டே சரிபார்த்தால் இந்தப் பிழை சிக்காது. மூல வளைவைக் கொண்டுதான் சரிபார்க்க வேண்டும்.

அடுத்து வரம்புகள். தேவை 775 மெகாவாட்டுக்கு ஏறுகிறது. வரம்பை மறந்து கணக்குப் போட்டால் λ = (775 + 1025)/50 = 36; P1 = 400, P2 = 216.67, P3 = 158.33. முதல் இயந்திரத்தின் உச்சம் 350 தான். எனவே அதை 350-இல் நிறுத்திவிட வேண்டும். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்வார்கள். பிறகு மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிட்டால் 50 மெகாவாட் குறைகிறது. அந்த 50-ஐ ஏதாவது ஒன்றின் தலையில் கட்டினால் கூட்டுத்தொகை சரியாகிவிடும், ஆனால் செலவு சிறந்ததாக இருக்காது. செய்ய வேண்டியது, முதல் இயந்திரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மீதி 425 மெகாவாட்டுக்கு மற்ற இரண்டையும் மட்டும் வைத்துப் புதிதாக லாம்டா காண்பது:

```
P2 + P3 = 25·λ − 525 = 425   →   λ = 38
P2 = 250,  P3 = 175,  P1 = 350
```

இப்போது இரண்டாவது, மூன்றாவது இயந்திரங்களின் கூடுதல் செலவு 38. முதலாவதுடையது 20 + 0.04 × 350 = 34. சமமாக இல்லை, ஆனாலும் விடை சரிதான். சமக் கூடுதல் செலவு என்ற விதி, இரண்டு பக்கமும் நகர இடமிருக்கும் இயந்திரங்களுக்கு மட்டுமே. உச்ச வரம்பில் நிற்கும் இயந்திரத்தின் கூடுதல் செலவு லாம்டாவைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். அது மலிவு, இன்னும் ஏற்றத்தான் ஆசை, ஆனால் இடமில்லை. கீழ் வரம்பில் நிற்பதற்கு இது தலைகீழ்: அதன் கூடுதல் செலவு லாம்டாவுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் பொருந்தாவிட்டால் அந்த இயந்திரத்தை வரம்பில் நிறுத்தியதே தவறு, அதை விடுவித்து மறுபடி கணக்கிட வேண்டும்.

38-க்கும் 34-க்கும் உள்ள அந்த 4 பயனுள்ள எண். முதல் இயந்திரத்தின் உச்சத்தை ஒரு மெகாவாட் உயர்த்த முடிந்தால், இந்தச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 4 மிச்சமாகும். ஒரு பம்போ விசிறியோ பழுதாகி இயந்திரத்தின் உச்சத்தைக் குறைத்து ஓட்ட வேண்டியிருக்கும்போது, அந்தக் குறைப்புக்கு நாம் கொடுக்கும் விலையை இந்த எண்ணிலிருந்தே மதிப்பிடலாம்.

ஒரே கணக்கில் ஒன்று உச்சத்தை மீறி, இன்னொன்று கீழ் வரம்புக்குக் கீழே போனால் கவனம் தேவை. இரண்டையும் ஒரே நேரத்தில் வரம்பில் நிறுத்திவிட்டால் சில சமயம் தவறிப் போகும். ஒன்றை நிறுத்தியதும் லாம்டா நகர்ந்து, மற்றது தானாகவே வரம்புக்குள் வந்துவிடக்கூடும். இந்தத் தொல்லை இல்லாத வழி, லாம்டாவை ஊகித்து, ஒவ்வொரு இயந்திரத்தையும் அந்த லாம்டாவுக்கு ஏற்ப வைத்து, வரம்பைத் தாண்டினால் வரம்பிலேயே நிறுத்தி, கூட்டுத்தொகையைத் தேவையோடு ஒப்பிடுவது. குறைந்தால் லாம்டாவை ஏற்று, கூடினால் இறக்கு. லாம்டா ஏறும்போது எந்த இயந்திரத்தின் சுமையும் குறையாது என்பதால் இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் விடை நிச்சயம் கிடைக்கும்.

```python
units = [(20, 0.02, 100, 350),
         (23, 0.03,  50, 300),
         (17, 0.06,  40, 200)]

def dispatch(D):
    if not 190 <= D <= 850:
        raise ValueError("demand out of range")
    lo, hi = 0.0, 100.0
    for _ in range(60):
        lam = (lo + hi) / 2
        P = [min(max((lam - b) / (2*c), pmin), pmax)
             for b, c, pmin, pmax in units]
        if sum(P) < D:
            lo = lam
        else:
            hi = lam
    return lam, P
```

`dispatch(575)` என்றால் 32-ம் 300, 150, 125-ம் வரும். `dispatch(775)` என்றால் 38-ம் 350, 250, 175-ம் வரும். முதலில் உள்ள வரம்புச் சோதனையை எடுத்துவிடாதீர்கள். 190 என்பது மூன்று கீழ் வரம்புகளின் கூட்டல், 850 என்பது உச்சங்களின் கூட்டல். அந்தச் சோதனை இல்லாமல் 900 மெகாவாட் கேட்டால் நிரல் எந்தப் புகாரும் சொல்லாமல் லாம்டாவை 100-க்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தி, 850 மெகாவாட்டை விடையாகக் கொடுத்துவிடும். அதேபோல மேல் எல்லை `hi`, மூன்று இயந்திரங்களும் உச்சத்தில் இருக்கும்போதுள்ள மிகப் பெரிய கூடுதல் செலவுக்கு (இங்கே 41) மேலே இருக்க வேண்டும்.

இரவில் சுமை 225 மெகாவாட்டுக்கு இறங்கும் நிலையையும் பார்ப்போம், ஏனென்றால் லாம்டாவால் பதில் சொல்ல முடியாத கேள்வி அங்கே வருகிறது. வரம்பில்லாமல் λ = 25, அப்போது P2 = 33.3. அதன் கீழ் வரம்பு 50. எனவே 50-இல் நிறுத்தி, மீதி 175-ஐ மற்ற இரண்டுக்கும் பிரித்தால் λ = 24.5, P1 = 112.5, P3 = 62.5. இரண்டாவதின் கூடுதல் செலவு 26, லாம்டாவுக்கு மேல், நிபந்தனை பொருந்துகிறது. மொத்தச் செலவு மணிக்கு 6325.

மூன்றும் ஓடியே ஆக வேண்டும் என்றால் இதுதான் சிறந்தது. ஆனால் இரண்டாவது இயந்திரத்தை நிறுத்திவிட்டால்? 225 மெகாவாட்டும் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் போகும். λ = 26, P1 = 150, P3 = 75. செலவு 4050 + 1912.5 = 5962.5. மணிக்கு 362.5 குறைவு! லாம்டா 24.5-லிருந்து 26-க்கு ஏறியும் மொத்தச் செலவு இறங்கியிருக்கிறது. பகிர்வுக் கணக்கில் வேலை இல்லை என்று தொடக்கத்தில் ஒதுக்கி வைத்த 400 இங்கே உயிர் பெறுகிறது: இயந்திரத்தை நிறுத்தினால் அந்தச் செலவும் நின்றுவிடும். எதை ஓட்டுவது, எதை நிறுத்துவது என்பது யூனிட் கமிட்மென்ட் என்ற தனிக் கணக்கு. அதில் மறுபடி கிளப்பும் செலவு, நிறுத்தினால் குறைந்தது எத்தனை மணி நேரம் நின்றிருக்க வேண்டும், கையிருப்புத் திறன் போதுமா என்பதெல்லாம் சேரும். நமது உதாரணத்தில் இரண்டாவதை மறுபடி கிளப்ப 2000 ஆகும் என்றால், குறைந்த சுமை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் நிறுத்துவதில் லாபம், 2000-ஐ 362.5-ஆல் வகுத்தால் வருவது அதுதான். கூடுதல் செலவுகள் சமமாக இருப்பதைப் பார்த்து, இதைவிட மலிவாக ஓட்டவே முடியாது என்று முடிவு செய்யக்கூடாது.

எரிபொருள் விலை மாறும்போது எதைத் திருத்துவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். செலவு வளைவு என்பது வெப்ப வளைவை விலையால் பெருக்கியது என்று சொன்னேன். ஆகவே விலை 10 சதவீதம் ஏறினால் மூன்று கெழுக்களும் 1.1-ஆல் பெருக வேண்டும். மூன்றாவது இயந்திரத்தின் எரிபொருள் அப்படி ஏறியது என்றால் 17 என்பது 18.7 ஆகும், 0.06 என்பது 0.066 ஆகும். 575 மெகாவாட்டுக்கு அப்போது λ = 32.49, P3 = 104.5. ஒருபடிக் கெழுவை மட்டும் திருத்திவிட்டு இருபடிக் கெழுவை மறந்தால் P3 = 113.2 என்று வரும். ஏறக்குறைய 9 மெகாவாட் வித்தியாசம். இதிலும் கூட்டுத்தொகை 575 என்று சரியாகவே வரும், அதனால் கண்ணில் படாது.

இதுவரை எல்லா இயந்திரங்களும் ஒரே இடத்தில், சுமைக்குப் பக்கத்திலேயே இருப்பதாக வைத்துக்கொண்டோம். ஒரு இயந்திரம் நீண்ட மின்பாதையின் கடைசியில் இருந்தால், அதில் ஒரு மெகாவாட் ஏற்றினால் சுமைக்கு முழு மெகாவாட் வந்து சேராது. முதல் இயந்திரம் அப்படி இருக்கிறது, அதில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு மெகாவாட்டிலும் 0.05 பாதையிலேயே இழப்பாகிறது என்று கொள்வோம். நிலையத்தில் அதன் கூடுதல் செலவு 32 என்றால், சுமையிடம் வந்து சேரும் ஒரு மெகாவாட்டின் விலை 32/0.95 = 33.68. எனவே சமமாக்க வேண்டியது கூடுதல் செலவை அப்படியே அல்ல, பெனால்டி ஃபேக்டரால் பெருக்கிய கூடுதல் செலவை; இங்கே அந்தக் காரணி 1/0.95, அதாவது 1.053. முதல் இயந்திரம் 300-க்குக் கீழே இறங்கும், மற்ற இரண்டும் ஏறும், இழப்பையும் சேர்த்து மொத்த உற்பத்தி 575-ஐத் தாண்டும். இழப்பே சுமைப் பகிர்வைப் பொறுத்து மாறுவதால் ஒரே முறையில் விடை வராது: பகிர்வைக் கண்டு, இழப்பைக் கணக்கிட்டு, காரணிகளைத் திருத்தி, எண்கள் அசையாமல் நிற்கும் வரை சுற்ற வேண்டும். இங்கே சேர்க்க வேண்டியது சராசரி இழப்பு அல்ல, கூடுதல் இழப்பு. இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் வளர்வதால், மொத்த இழப்பைச் சுமையால் வகுத்து வரும் சதவீதத்தைப் போட்டால் கூடுதல் இழப்பில் ஏறக்குறைய பாதிதான் கணக்கில் சேரும்.

மின்பாதை தன் கொள்ளளவை எட்டிவிட்டால் இதுவும் போதாது. அப்போது பாதையின் இரண்டு பக்கமும் தனித்தனி லாம்டா உருவாகும். மலிவான இயந்திரம் இந்தப் பக்கம் காத்திருக்க, அந்தப் பக்கம் விலை கூடிய இயந்திரம் ஏறும்.

இன்னொரு எல்லை வளைவின் வடிவத்தைப் பற்றியது. மேலே எல்லா இருபடிக் கெழுக்களும் நேர் எண்கள். நீராவி டர்பைனில் வால்வுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் இடங்களில் உண்மையான வளைவு அலையலையாக இருக்கும். பல எரிவாயு டர்பைன்களைச் சேர்த்து ஓட்டும் கம்பைன்ட் சைக்கிள் நிலையத்தில், எத்தனை டர்பைன் ஓடுகிறது என்பதைப் பொறுத்து வளைவே தாவும். கூடுதல் செலவு சுமையோடு இறங்கும் பகுதியில் இரண்டு இயந்திரங்களைச் சமமாக்கினால், அந்தப் புள்ளி மிகக் குறைந்த செலவாக இல்லாமல் மிக அதிகச் செலவாக இருந்துவிடலாம். கண்டுபிடிப்பது எளிது: கிடைத்த பகிர்வில் ஒன்றிலிருந்து 10 மெகாவாட் இறக்கி மற்றதில் ஏற்றி மொத்தச் செலவைப் பாருங்கள், பிறகு திசையை மாற்றிப் பாருங்கள். இரண்டு திசையிலும் செலவு ஏறினால் பக்கத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. எந்த ஒரு திசையிலாவது இறங்கினால் அந்தச் சமநிலையை நம்பாமல், வளைவைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டியிருக்கும்.